சாவி கேட்கும் அப்பா

அந்தத் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் விழிப்பார்கள். பிரேக் அக்கா என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவரின் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவள் அவள். அந்தப் பிரேக்கை மிதிப்பது அபூர்வம். மிதித்துவிட்டால் வண்டி லேசில் நகராது. என்ன தப்பு, ஏன் தப்பு, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று மூன்றும் சொல்லி, கற்றுக்கொள்கிறவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் கிளம்பும்.

பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தது அவளுடைய அப்பா. ஊருக்கே அவர் மாஸ்டர். மகளைப்போல் திட்டமாட்டார். கத்துக்குட்டி ஒருவன் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தியபோதுகூட, "சுவர் எங்கேயும் போகாது தம்பி, நீங்கதான் கொஞ்சம் பின்னாடி வரணும்" என்றாராம். அம்மா போன பிறகு பள்ளியின் பொறுப்பு முழுவதும் மகள் கைக்கு வந்தது. கீழே அலுவலகம், மாடியில் வீடு. வீட்டில் மாஸ்டர், அவள், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர். ஒரே தம்பி வெளியூரில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தான். வாரம் தவறாமல் போன் செய்வான்.

மாஸ்டருக்கு ஞாபகம் பிசகுகிறது என்பது முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. சொன்னதையே சொல்வார், வயதானால் அப்படித்தான் என்று விட்டார்கள். ரொட்டி வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானம் திரும்பினார், ரொட்டி இல்லாமல், வண்டியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறலோடு. கேட்டதற்கு, சாலையெல்லாம் மாற்றிப்போட்டுவிட்டார்கள் என்றார். சாலை அப்படியேதான் இருந்தது. அதற்கடுத்த மாதம், பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணை ஒருவழிப் பாதையில் எதிராகத் திருப்பச் சொன்னார். அந்தப் பெண் பயந்துபோய் அவளிடம் தனியாகச் சொன்னாள். அன்று சாயங்காலம் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரிடம் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் பார்த்தார்கள். மறதிக்கு வேறு காரணம் இருக்கிறதா, தைராய்டா, சத்துக் குறைவா, மனச்சோர்வா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஒரு காகிதத்தில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். மாஸ்டர் வட்டம் போட்டார். எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். தானே அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கடிகாரத்துக்குப் பாதி நாள் லீவு போல" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இது வயதான மறதி இல்லை, மறதி நோய் என்றார் டாக்டர். மெல்ல மெல்லக் கூடும். மாத்திரை சிலருக்குக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், போனதைத் திருப்பித் தராது. இனி வண்டி ஓட்டக்கூடாது. இதை மாஸ்டரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். மாஸ்டரும் மரியாதையாகத் தலையாட்டினார். கீழே வந்ததும் மகள் முன்னால் கையை நீட்டினார்.

"சாவியைக் குடும்மா. நான் ஓட்டுறேன். நீ அலைஞ்சு களைச்சிருப்ப."

"அப்பா, இப்பதானே டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

அங்கே ஆரம்பித்தது. அன்றிலிருந்து வீட்டில் விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். காலையில் எழுந்து சவரம் செய்து, சட்டையை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் இறங்கி வந்து சாவி கேட்பார். அவள் விளக்குவாள். டாக்டர் சொன்னதைச் சொல்வாள், கீறலைக் காட்டுவாள், ஒருவழிப் பாதைக் கதையைச் சொல்வாள். நாற்பது வருஷம் ஓட்டினவனுக்கு நீ பாடம் எடுக்கிறாயா என்று அவர் குரல் உயரும். வாழ்நாளில் குரல் உயர்த்தாதவர். பத்து நிமிடத்தில் சண்டை அவருக்கு மறந்துவிடும். மறுபடி சாவி கேட்பார். மறக்காதவள் அவள் மட்டும். அடுத்த விளக்கம் முந்தியதைவிடக் காரமாக வரும்.

அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். தப்பு செய்தால் நிறுத்து, எடுத்துச் சொல், திருப்பிச் சொல்லவை. அந்த வழியில் எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கிறாள். அப்பாவையும் அப்படித் தேற்றிவிடலாம் என்று நம்பினாள். சாப்பாட்டு மேஜையில் பரீட்சை வைத்தாள். இன்று என்ன கிழமை, நேற்று யார் வந்தார்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள். பதில் தெரியாதபோது மாஸ்டர் மேஜைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச நாளில் மேஜைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

தம்பியிடம் சொன்னால் அவன் நம்பவில்லை. போனில் அப்பா நன்றாகப் பேசினார். மழை உண்டா, வேலை எப்படி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஐந்து நிமிடம் கச்சிதமாகப் பேசி முடிப்பார். எந்த ஊருக்கும் எந்த நாளுக்கும் பொருந்துகிற பேச்சு. நீதான் அப்பாவைக் கட்டிப்போடுகிறாய் அக்கா என்றான் தம்பி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று போனை வைத்துவிட்டாள்.

ஆனாலும் அந்தச் சொல் உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிடங்குகளுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத சாலைக்குப் பயிற்சி வண்டியில் அப்பாவை அழைத்துப்போனாள். ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்தாள். தன் பக்கம் பிரேக் இருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்பது அவள் கணக்கு. மாஸ்டர் ஓட்டினார். கியர் மாற்றியதே தெரியவில்லை, அவ்வளவு வழவழப்பு. கைக்கும் காலுக்கும் எதுவும் மறக்கவில்லை. திரும்பி வந்ததும் பசித்துச் சாப்பிட்டார். டாக்டருக்கு என்ன தெரியும் என்று அவளுக்கே தோன்றியது. அடுத்த ஞாயிறும் போனார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு அந்தச் சாலையின் நடுவே பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். மாற்றுப் பாதைக்கு அம்புக்குறி போட்டிருந்தது. மாஸ்டர் அம்புக்குறியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழவில்லை. சட்டென்று ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்றினார். வண்டி எதிர்ப்பக்கத்துக்குப் பாய்ந்தது. அங்கே ஒரு பால் வண்டி வந்துகொண்டிருந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். பயிற்சியாளர் பக்கத்தில் பிரேக் உண்டு, ஸ்டியரிங் கிடையாது. எட்டிப் பிடித்து ஒடித்தாலும் அவர் பிடி இரும்பாக இருந்தது. பால் வண்டிக்காரர் தன் பங்குக்கு ஒதுங்கி நின்றதால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இரண்டு வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் குறுக்காக நுழையும் இடம்கூட இல்லை.

பால் வண்டிக்காரர் இறங்கி வந்து ஏச வாயெடுத்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, பெரியவருக்குத் தண்ணி கொடுங்கம்மா என்று மட்டும் சொல்லிப் போனார்.

வீடு வந்து சேர்வதற்குள் அப்பாவுக்கு அது சுத்தமாக மறந்துவிட்டது. பள்ளமும் தெரியாது, பால் வண்டியும் தெரியாது. ஆனால் அன்று முழுக்க அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், என்னன்னுதான் தெரியல" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். நடந்தது போய்விட்டது, நடந்ததன் கலக்கம் மட்டும் ஆளைவிட்டுப் போகவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை மாதங்களாகத் தான் எடுத்த பாடமெல்லாம் அவர் மனதில் எந்த உருவத்தில் தங்கியிருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு எட்டியது. பாடம் ஒன்றுகூட நிற்கவில்லை. மகள் முகத்தில் இருந்த கடுகடுப்பு நின்றது.

மறுநாள் ஆஸ்பத்திரியின் மறதி நோய்ப் பிரிவுக்கு, அப்பாவை விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். அங்கே குடும்பத்தாரிடம் பேசுவதற்கென்றே ஒரு மூத்த நர்ஸம்மா இருந்தார். பருத்த உடம்பு, மெதுவான நடை, அவசரமே தெரியாத பேச்சு. அவள் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸம்மா நடுவில் குறுக்கிடவில்லை. பால் வண்டியைப் பற்றிச் சொன்னபோது மட்டும், இனி எந்தச் சாலையிலும், எந்த வண்டியிலும் அவர் கையில் ஸ்டியரிங் வேண்டாம், அதில் பேச்சே இல்லை என்றார். பிறகு கேட்டார்:

"அப்பா சாவி கேக்கிறாரே, கேட்டு எங்க போகணும்னு சொல்றாரு?"

அவள் யோசித்தாள். எங்கேயும் போக வேண்டும் என்று அவர் சொன்னதே இல்லை. எட்டு மணிக்கு ஆள் வரும் என்பார். ஆட்கள் காத்திருப்பார்கள் என்பார்.

"அப்ப அவரு கேக்கிறது சாவி இல்லம்மா. வேலை. நீங்க சாவிக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கீங்க. அவரு கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல."

அதற்குப் பிறகு அரை மணி நேரம் நர்ஸம்மா சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இல்லை என்பதால்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல்லுங்கள், சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பதில் வரத் தாமதமாகும், வராது என்று நினைத்து அடுத்ததைத் திணிக்காதீர்கள். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், எதிரே வந்து, முடிந்தால் உட்கார்ந்து பேசுங்கள். என்ன உடுத்துகிறீர்கள் என்று கேட்டால் தவித்துப்போவார். இதுவா அதுவா என்று இரண்டைக் காட்டுங்கள். சாவியும் வண்டியும் கண்ணில் படாமல் இருந்தால் பாதிச் சண்டை பிறக்கவே பிறக்காது.

பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று அவள் கேட்டாள். வண்டி ஓட்டுகிறவர்களிடம் பொய்யே பேசாத தொழில் அவளுடையது. முதலில் பொய்யில்லாத ஒன்றைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும் என்றார் நர்ஸம்மா. கிடைக்காத நாளும் வரும். அன்று அவரைக் கலங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம், வாதத்தில் ஜெயிப்பது இல்லை.

வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாகச் சாவிகளை ஆணியிலிருந்து எடுத்துக் கணவரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடிக் கடை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். பயிற்சி வண்டிகளைப் பக்கத்துத் தெருவில் நிறுத்த ஏற்பாடு செய்தாள். ஆனால் வேலைக்கு என்ன செய்வது? அதற்குப் பதில் அவள் தேடிக் கிடைத்ததல்ல, தானாக வந்தது.

மறுநாள் காலை மாஸ்டர் வழக்கம்போல் சட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவள் கணவரிடம் சாவி வாங்கி, வாசலில் வீட்டுக் காரை எடுத்துவைத்துக் காய்கறி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அது சாதாரண வண்டி. பக்கத்து இருக்கையில் பிரேக்கெல்லாம் கிடையாது.

"சாவி எங்கம்மா? எட்டு மணிக்கு ஆள் வரும்."

அவளுக்குப் பழக்கதோஷத்தில் நாக்கின் நுனிவரை விளக்கம் வந்தது. விழுங்கினாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே குனிந்து பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"நான் ஓட்டுறேம்பா. நீங்க பக்கத்துல உக்காந்து எப்படின்னு பாருங்க."

மாஸ்டர் ஒரு கணம் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து, சட்டையின் மடிப்பை இழுத்துவிட்டு, "பெல்ட் போட்டாச்சா?" என்றார்.

நாற்பது வருஷமும் அவருடைய இடம் அதுதானே. ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் எல்லாம் கற்றுக்கொள்ள வந்தவர்கள். மாஸ்டர் என்பவர் பக்கத்தில் உட்காருகிறவர். அவள் வண்டியை எடுத்தாள். முச்சந்தி வரும்போது அவர் வலது கால் தரைவிரிப்பை ஒரு மிதி மிதித்தது. அவளும் பிரேக் போட்டாள். நல்லா ஓட்டுறீங்க, பயப்படாதீங்க என்றார். யாரோ புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவள் என்று நினைத்துவிட்டார் என்பது அந்த 'ங்க'விலேயே தெரிந்தது. முந்தைய வாரமாக இருந்தால், நான் உங்கள் மகள், அப்பா என்று வண்டியை நிறுத்தித் திருத்தியிருப்பாள். சரிங்க மாஸ்டர் என்றாள்.

அதிலிருந்து தினமும் காலையில் ஒரு சுற்று. காய்கறிக் கடை, பெட்ரோல் பங்க், மருந்துக் கடை, எங்கே போனாலும் அவர் பக்கத்தில். சில நாள் திருப்தியாக இறங்குவார், சில நாள் கிளட்சை அரை மனசாக மிதிக்கிறீர்கள் என்று குறை சொல்லி இறங்குவார். திரும்பி வந்ததும் ஒரு வாளியும் துணியும் கொடுத்தால் கண்ணாடிகளைத் துடைப்பார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பார். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்தத் தெருவிலேயே பளபளத்த கார் அவர்களுடையதுதான்.

எல்லா நாளும் அப்படி வழுக்கிக்கொண்டு போகவில்லை. குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த வாரங்கள் உண்டு. ஷவரின் சத்தமும் முகத்தில் விழும் தண்ணீரும் அவரைப் பயமுறுத்துகின்றன என்று கண்டுபிடிக்கப் பல சண்டைகள் ஆயிற்று. ஷவரை விட்டுவிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் காலிலிருந்து மேலே ஊற்றத் தொடங்கியபிறகுதான் வழிக்கு வந்தார். குளிப்பாட்டுவது மருமகன் பொறுப்பு. தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுத்தான் ஊற்றுவார். மாமனாருக்குக் கூச்சம் போகும். கூச்சம் மறதிக்குள் அடங்காது என்பார் அவர்.

இன்னொரு முறை, முந்தைய நாள்வரை நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று படுக்கையிலேயே கிடந்தார். சுவரில் யாரோ நிற்பதாகச் சொன்னார். நோய் முற்றிவிட்டது என்று அவள் அழுதாள். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். ஒரே நாளில் இப்படி மாறினால் அது மறதி நோய் இல்லை, வேறு ஏதோ, உடனே காட்டுங்கள் என்றார். சிறுநீரில் தொற்று. மருந்து கொடுத்ததும் மெல்லத் தெளிந்து, மறு வாரம் வாளியும் துணியும் கேட்டார்.

தம்பி வந்தது அந்தச் சமயத்தில்தான். அக்காவும் மாமாவும் ஒரு வாரம் எங்கேயாவது போய் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாக இறங்கினான். எல்லாம் சொல்லித்தருகிறேன், இரண்டு நாள் கூட இருந்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றாள் அக்கா. அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தனக்குப் பாடமா என்று அவன் சிரித்தான்.

முதல் நாளே அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, நான் யார் சொல்லுங்கள் என்று கேட்டான். மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கே தெரியலைன்னா நான் என்ன பண்றது?" என்றார். சமையலறையில் அக்காவும் மாமாவும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் சிரிப்பு ஓய்ந்தது. மாஸ்டரின் பர்ஸ் காணவில்லை. அலமாரியைக் கலைத்தார், தலையணையைப் புரட்டினார், கடைசியில் மகனைச் சுட்டிக்காட்டி, "இவன் வந்ததுக்கப்புறம்தான் காணோம்" என்றார்.

தம்பியின் முகம் கறுத்துவிட்டது. தான் எப்போது எங்கே இருந்தேன் என்று நிரூபிக்க ஆரம்பித்தான். உங்கள் பணம் எனக்கு எதற்கு என்றான். அவன் பேசப் பேச மாஸ்டரின் குரல் ஏறியது. திருட்டுப் பயலை வீட்டுக்குள் யார் விட்டது என்றார். அக்கா உள்ளே வந்தாள். தம்பியைப் பார்க்காமல் நேராக அப்பாவின் எதிரே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பர்ஸைக் காணோம்னா கஷ்டமாத்தான் இருக்கும்பா."

"பின்ன?"

"வாங்க, ரெண்டு பேருமா தேடலாம். மேலயிருந்து ஆரம்பிக்கலாமா, கீழயிருந்தா?"

"கீழயிருந்து" என்றார் மாஸ்டர். இருவரும் குனிந்து தேடினார்கள். ஷூவுக்குள், சுருட்டிய காலுறைக்கு அடியில் பர்ஸ் இருந்தது. நல்ல வேளை என்றாள் அவள். பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் வெச்சேன் என்றார் அவர். பின்பு மகனைத் திரும்பிப் பார்த்து, உட்காருப்பா, ஏன் நிக்கிற என்றார்.

தம்பி மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அவள் டீயை எடுத்துக்கொண்டு போனபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னைத் திருடன்னு சொல்லிட்டாருக்கா."

"என்னையும் சொல்லியிருக்காரு. பக்கத்துல இருக்கிறவங்களத்தான்டா சொல்லுவாரு. பொருளை வெச்ச இடம் அவருக்கு ஞாபகம் இல்ல. தானே காணாம போக்கிட்டேன்னு ஒத்துக்கிறதைவிட யாரோ எடுத்தாங்கன்னு நினைக்கிறது அவருக்குக் கொஞ்சம் தாங்கும். நீ எடுக்கலைன்னு வாதாடினா, அவரு பொய் சொல்றாருன்னு ஆயிடும். தேட ஆரம்பிச்சிடு. தேடுறவனை யாரும் திருடன்னு சொல்லமாட்டாங்க."

அவன் டீயை வாங்கிக்கொண்டான். போனில் நன்றாகப் பேசினாரே என்றான். ஐந்து நிமிடம் அவரால் முடியும், அதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் பார் என்றாள் அவள்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய், அதேபோல் இன்னொரு பர்ஸ் வாங்கிவந்து, அடுத்த முறை காணாமல் போனால் இருக்கட்டும் என்று தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான் தம்பி. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தெம்பு வந்தது. அக்காவும் மாமாவும் பயணம் போனார்கள். கடலோரத்து விடுதியில் இருவரும் பெரும்பாலும் தூங்கினார்கள். தம்பி அதன்பின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் வந்து தங்குவதைக் கடமையாக வைத்துக்கொண்டான். அக்கா அளவுக்கு ஓட்டத் தெரியாது என்பதால் அப்பாவிடம் அதிகம் குறை கேட்டுக்கொள்கிறவனும் அவன்தான்.

நர்ஸம்மா மாதம் ஒரு சனிக்கிழமை குடும்பங்களைக் கூட்டிப் பேசுவார். ஒருமுறை அவளையும் பேசச் சொன்னார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை என்று அவள் மறுத்தாள். வகுப்பு எடுத்துப் பழக்கம் உண்டே என்றார் நர்ஸம்மா. போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கண்ணில் தூக்கமில்லை. அவள் பால் வண்டியிலிருந்து ஆரம்பித்தாள். என் தொழிலே திருத்துவது, அப்பாவைத் திருத்தப்போய்த்தான் அவரைப் பயமுறுத்தினேன் என்றாள். முன்வரிசையில் இருந்த தச்சர் ஒருவர் கை தூக்கினார். இறந்துபோன அப்பாவை அம்மா தினமும் கேட்கிறாள், செத்துப்போய்விட்டார் என்று சொன்னால் தினமும் புதிதாக அழுகிறாள், என்ன செய்வது என்றார்.

"தினமும் அந்தச் சேதியை எதுக்குங்க புதுசா சொல்லணும்? அவரைத் தேடுதாம்மான்னு கேளுங்க. அவரு எப்படிப்பட்டவருன்னு கேளுங்க. அவங்க சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. நீங்க கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா போதும்."

தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவைப் பற்றி அம்மாவிடம் தான் எதையுமே கேட்டதில்லை என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், வங்கியில் வேலை பார்ப்பவள், எனக்குக் கோபம் வருகிறதே, பொறுமை எல்லாருக்கும் வருமா என்று கேட்டாள். எனக்கும் வரும் என்றாள் பிரேக் அக்கா. கோபம் வந்தால் அவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு வார்த்தை திட்டுவேன். திரும்பி வரும்போது சண்டையே அவருக்கு மறந்திருக்கும். அந்த நோயில் நமக்கு இருக்கிற ஒரே சலுகை அதுதான். முதலிலிருந்து ஆரம்பிக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் இடம் கொடுக்கும். கூட்டம் சிரித்தது. ஆனால் ஒற்றை ஆளாக இதைச் செய்யாதீர்கள் என்று அவள் அழுத்திச் சொன்னாள். ஒரு மத்தியானமாவது யாரிடமாவது விட்டுவிட்டு வெளியே போங்கள். கேட்டால்தான் ஆள் வருவார்கள், தானாக யாரும் வரமாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமைகளை அதன்பின் அவள் விட்டதில்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம்கூட அவள் திட்டு குறைந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். வண்டியை நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்து, ஒரே ஒரு விஷயம் சொல்கிறாளாம்.

மாஸ்டருக்கு இப்போது பேச்சு குறைந்துவிட்டது. அவள் பெயர் போய் வெகுநாளாயிற்று. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் அவளைக் காட்டி, இவங்க யாரு மாஸ்டர் என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அவள் தடுப்பதற்குள் மாஸ்டரே பதில் சொன்னார்.

"யாருன்னு தெரியல. நம்ம ஆளு."

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரம் தம்பி வரும் வாரம். அப்பா தூக்கத்தில் விழுந்துவிடாமல் இருக்கக் கட்டிலுக்குப் பக்கவாட்டுக் கம்பி வைப்பதா, கட்டிலையே தாழ்வாக மாற்றுவதா என்று நர்ஸம்மாவிடம் கேட்டிருந்தாள். கம்பி மேல் ஏறி விழுகிறவர்கள் உண்டு, தாழ்வான கட்டில்தான் நல்லது என்று பதில் வந்திருந்தது. தம்பி வருவதற்குள் கட்டிலின் கால்களை அறுத்துக் குட்டையாக்க வேண்டும். கூட்டத்தில் பழக்கமான தச்சர் தானே வந்து செய்து தருகிறேன் என்றிருந்தார். அவர் ரம்பத்தோடு வந்தபோது மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அவள் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பா, கொஞ்சம் சத்தம் கேட்கும், கட்டிலைச் சரிபண்ணப் போகிறோம் என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சற்றுப் பொறுத்து அவர் தலையாட்டினார். வேலையை ஆரம்பிக்கலாம் என்று தச்சருக்குச் சைகை காட்டினாள்.